பொய்ச் செய்தி வகுப்புக்கு இரண்டு சுறா அட்டைகள் வேண்டும்

"13–15 வயதுப் பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியை அடையாளம் காண்பது பற்றி ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். அட்டைகளைப் பிரித்து அடுக்கும் விளையாட்டும், பிள்ளைகளைப் பேச வைக்கிற சில கேள்விகளும் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறார்கள். எத்தனை அட்டை, என்ன மாதிரி அட்டை, எப்படி நடத்துவது? போன முறை நடத்தியபோது எல்லாவற்றையும் 'ஃபேக்' என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்."

பிள்ளைகள் மேல் தப்பில்லை, அட்டைக்கட்டில்தான் கோளாறு இருந்திருக்கும். பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? இணையத்தில் பிரபலமான புரளிகளாகப் பார்த்துப் பத்து சேர்க்கிறோம், சும்மா ஒரு பேச்சுக்கு இரண்டு உண்மைச் செய்திகளையும் போடுகிறோம். அந்தக் கட்டில் ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றையும் 'பொய்' பக்கம் தள்ளுகிற பையனுக்கு 12-க்கு 10 கிடைக்கும். யோசித்து யோசித்து வைத்த பெண்ணுக்கு 8 கிடைக்கும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எதற்கு மதிப்பெண் விழுகிறது என்று இரண்டாவது அட்டையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் நீங்கள் சொல்லிக்கொடுப்பது பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தையாக இருக்காது, எதைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பொய்யோடு சேர்த்து மெய்யான செய்தியையும் சந்தேகிக்கத் தொடங்குவது ஆய்வுகளிலும் தென்பட்டிருக்கிறது. வெள்ள எச்சரிக்கை வந்தாலும் "சும்மா கிளப்பி விடுறாங்க" என்று படுத்துக்கொள்கிற ஆளை உருவாக்க நாம் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை கட்டைச் சரிசெய்வது. 12 அட்டை போதும், ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் தாங்காது. அதில் பாதியாவது உண்மையாக இருக்க வேண்டும், அதுவும் கேட்டவுடன் பொய் என்று தோன்றுகிற உண்மையாக. இப்படிப்பட்டவற்றுக்குப் பஞ்சமே இல்லை. 1932-ல் ஆஸ்திரேலியாவில் பயிரை நாசம் செய்த ஈமு பறவைகளைச் சுடுவதற்கு இயந்திரத் துப்பாக்கியுடன் ராணுவத்தினரை அனுப்பினார்கள், பறவைகள்தான் ஜெயித்தன. 1919 ஜனவரியில் பாஸ்டன் நகரில் ஒரு பெரிய தொட்டி வெடித்து, அதிலிருந்த கரும்புப் பாகு தெருவில் வெள்ளமாகப் பாய்ந்து 21 பேர் செத்துப் போனார்கள். வாம்பட் என்ற விலங்கு கனசதுர வடிவில் புழுக்கை போடும். (இந்த அட்டைக்கு வகுப்பு ஐந்து நிமிடம் சிரிக்கும், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.) வெள்ளி கிரகத்தில் ஒரு ஆண்டைவிடத் தன்னைத் தானே ஒருமுறை சுற்றி முடிக்க ஆகும் காலம் நீளம். எல்லாமே உண்மை.

பொய்ப் பக்கத்துக்கு வரும்போது, பொய்யிலும் வகை இருக்கிறது என்று தெரிகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் கண்ணுக்குத் தெரியும் என்பது யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லாத, பாடப்புத்தகம் வரை நுழைந்த பொய். தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதகுலமும் அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாகச் சுற்றும் வாசகம், அவர் சொன்னார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லாத, பெரிய மனிதரின் படத்தோடு ஒட்டவைத்த பொய். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்கிறார்கள் என்று ஒளிபரப்பியது விளையாட்டுப் பொய், நம்பிக்கையான இடத்திலிருந்தே வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது வெனிஸ் நகரக் கால்வாய்க்கு டால்பின்கள் திரும்பிவிட்டன என்று உலகமே பகிர்ந்த காணொளி இன்னொரு ரகம். டால்பின் நிஜம், காணொளி நிஜம், ஆனால் அது எடுக்கப்பட்டது சார்டினியா தீவில் உள்ள துறைமுகத்தில். எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை, இடத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் கையில் வருகிற பொய்யில் பெரும்பகுதி இந்த ரகம்தான் என்பது என் கருத்து. ஆனால் வகுப்புகளில் இதற்குத்தான் மிகக் குறைவாக இடம் கொடுக்கிறோம், ஏனென்றால் படம் ஒட்டுப்போட்டதைக் காட்டும்போது கிடைக்கிற 'ஆ!' இதில் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒரு அட்டை நீங்களே எழுதுங்கள். "நாளை முதல் மூன்று நாட்களுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், மருத்துவர் சொன்னது, எல்லோருக்கும் அனுப்பவும்." எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மருத்துவர், ஒன்றும் இருக்கக் கூடாது. இது உண்மையா பொய்யா என்று உங்களுக்கே தெரியாது, அதுதான் இந்த அட்டையின் வேலை.

எல்லா அட்டையையும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே தாளில் அச்சிடுங்கள். பொய் அட்டைகளில் மட்டும் எழுத்துப்பிழையும் ஆறு ஆச்சரியக்குறியும் இருந்தால் பிள்ளைகள் செய்தியைச் சோதிக்க மாட்டார்கள், உங்கள் கைவண்ணத்தைத்தான் சோதிப்பார்கள். இன்னொன்று, ஒவ்வொரு அட்டையின் குறுக்கேயும் 'வகுப்புப் பயிற்சி' என்று சாம்பல் நிறத்தில் பெரிதாக அச்சிட்டு விடுங்கள், உண்மை அட்டைகளிலும்தான். யாராவது ஒருவர் கைபேசியில் படம் எடுத்துக் குழுவில் போடுவது நிச்சயம், நீங்கள் எழுதிய தண்ணீர் அட்டை மாலைக்குள் வேறு பள்ளிக்குச் செய்தியாகப் போய்ச் சேரும்.

இப்போது விளையாட்டு. நான்கு பேர் கொண்ட குழுக்கள், ஒரு குழுவுக்கு ஒரு கட்டு. மேசையில் மூன்று இடம்: 'நம்பலாம்', 'நம்ப முடியாது', 'இன்னும் தெரியாது'. மூன்றாவது குவியல்தான் இந்த வகுப்பின் உயிர். ஆனால் அதை வெறுமனே வைத்தால் யாரும் அதில் போட மாட்டார்கள், 'தெரியாது' என்று சொல்வது தோற்றுப்போவது என்றுதான் பள்ளிக்கூடம் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறது. அதனால் மதிப்பெண்ணை இப்படி வையுங்கள்: சரியாக வைத்தால் 1, 'இன்னும் தெரியாது' என்றால் 0, தவறாக வைத்தால் 2 கழியும். இந்தக் கணக்கில், ஒரு அட்டையைப் பற்றி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறுதி இருந்தால்தான் அதைத் துணிந்து ஒரு பக்கம் வைப்பது லாபம், அதற்குக் கீழே இருந்தால் நஷ்டம். பூவா தலையா போடுகிறவன் பெரும்பாலும் தோற்பான். இதை நீங்கள் விளக்கத் தேவையில்லை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எப்படியும் குழுவுக்குச் சொல்லிவிடும், அந்தச் சச்சரவே நல்ல பாடம். தண்ணீர் அட்டைக்கு மட்டும் விதி வேறு: 'இன்னும் தெரியாது' என்று வைத்தவர்களுக்குத்தான் 1.

முதல் சுற்று 12 நிமிடம். கைபேசி கிடையாது, ஆசிரியரிடம் கேட்கவும் கூடாது. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் ஏன் அங்கே வைத்தோம் என்று ஒரே வரி எழுத வேண்டும். முடிந்ததும் விடையைச் சொல்லவே சொல்லாதீர்கள்! ஆசிரியர்கள் பலர் இந்த இடத்தில்தான் ஆர்வக்கோளாறில் விடைகளைப் படித்துவிடுகிறார்கள், அதோடு வகுப்பு வினாடி வினாவாகிவிடுகிறது. மதிப்பெண் இரண்டாம் சுற்றுக்குப் பிறகுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் சுற்று 20 நிமிடம், இதில் தேடலாம். இங்கேதான் இரண்டு சுறா அட்டைகள் வருகின்றன, அவற்றை மற்ற அட்டைகளோடு கலக்காமல் தனியாக, எல்லோரும் சேர்ந்து, மெதுவாகச் செய்து காட்டுங்கள்.

முதல் சுறா: காரின் ஜன்னல் வழியாக எடுத்த படம், வெள்ளம் சூழ்ந்த சாலை, காருக்குப் பக்கத்திலேயே ஒரு சுறா நீந்துகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர நெடுஞ்சாலையில் எடுத்தது என்று பரவியது. 'நம்பலாம்', 'முடியாது' என்று வகுப்பு இரண்டாகப் பிரியும். நம்பாதவர்களிடம் காரணம் கேளுங்கள். "சுறா ரோட்டுக்கு எப்படி சார் வரும்?" என்பார்கள், அல்லது "நிழல் சரியா இல்லை" என்பார்கள். இந்த இரண்டு காரணத்தையும் பலகையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு தேடுங்கள். படத்தை முறைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அதைவிட்டு வெளியே போவதுதான் முதல் படி. படத்தை TinEye தளத்தில் ஏற்றி, முடிவுகளை Oldest என்ற வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். தேடுபொறிகள் வழக்கமாக முன்னால் நிறுத்துவது பொருத்தமானதையோ பிரபலமானதையோதான், நமக்கு வேண்டியதோ பழையது. அதோடு சாதாரணத் தேடலில் `shark street hurricane 2011` என்று போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஹார்வியில் எடுத்ததாகச் சொன்ன சுறா 2011 ஆகஸ்டிலேயே ஐரீன் புயலின்போது, போர்ட்டோ ரிக்கோ தெரு ஒன்றில் நீந்தியதாகச் சுற்றியிருப்பது வரும். ஆறு ஆண்டுக்கு முந்தைய படம் இந்தப் புயலில் எடுத்ததாக இருக்க முடியாது, அவ்வளவுதான், பாதி வேலை முடிந்தது. இதற்கு நிழலையும் பார்க்க வேண்டாம், சுறாவைப் பற்றியும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

சரி, 2011-ல் வந்ததாவது உண்மையா? அதையும் கேட்பார்கள், கேட்க வேண்டும். இன்னும் பின்னால் போனால் தென் ஆப்பிரிக்கக் கடலில் ஒரு ஆராய்ச்சியாளர் மஞ்சள் நிறக் கயாக் படகில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்க, பின்னால் ஒரு பெரிய வெள்ளைச் சுறா வருகிற படம் கிடைக்கும், தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்தது. அந்தச் சுறாவைத்தான் வெட்டித் தெரு வெள்ளத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடல் வளைவும் துடுப்பின் கோணமும் அப்படியே ஒன்றாக இருப்பது தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு, இதைச் சொல்லாமல் விடாதீர்கள்: மூலப்படமான அந்தக் கயாக் படம் முழுக்க நிஜம், ஆனால் அது வெளிவந்த காலத்தில் அதையும் கணினியில் ஒட்டியது என்று நிறையப் பேர் சொன்னார்கள்.

இப்போது இரண்டாவது சுறா. 2022 செப்டம்பர் 28, புளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் நகரம், இயன் புயல். வீட்டுப் பின்பக்கத்து வெள்ளத்தில் துடுப்பு தெரிய ஒரு பெரிய மீன் துள்ளி அலைகிற சிறு காணொளி. அட்டையை நீட்டிய உடனே வகுப்பு முழுக்க ஒரே குரலில் 'ஃபேக்' என்று கத்தும், இப்போதுதானே சுறாவைப் பற்றிப் படித்தோம் என்ற தெம்பு. கத்தட்டும். பிறகு அதே படிகளை மறுபடி செய்யச் சொல்லுங்கள். காணொளியை நிறுத்தி, வேலியும் தண்ணீரும் நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு காட்சியைப் படமாகப் பிடித்துத் தேட வேண்டும். இந்த முறை அந்தத் தேதிக்கு முந்தைய பிரதி எதுவும் கிடைக்காது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதைச் சரிபார்த்திருப்பது கிடைக்கும்: எடுத்தவரைக் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறார்கள், அவர் கொடுத்த மூலக் கோப்பில் பதிவான நேரத்தைப் பார்த்திருக்கிறார்கள், அது அன்று காலையில் எடுத்ததுதான்.

அதாவது காணொளி நிஜம். அந்த மீன் சுறாதானா என்றால், அதில்தான் நிபுணர்களிடையே கொஞ்சம் தயக்கம் இருந்தது, குட்டிச் சுறாவாக இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், மற்றவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நின்று பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த அட்டையை எந்தக் குவியலில் வைப்பீர்கள்? 'புயலின்போது எடுத்த உண்மையான காணொளி' என்றால் நம்பலாம் பக்கம். 'தெருவில் சுறா' என்றால் இன்னும் தெரியாது பக்கம். ஒரே அட்டை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது. 14 வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே புரியும், பெரியவர்களைவிட வேகமாக.

பலகையில் எழுதிய இரண்டு காரணங்களுக்கு இப்போது திரும்புங்கள். "சுறா ரோட்டுக்கு எப்படி வரும்?" என்ற காரணம் முதல் அட்டையில் சரியான விடைக்குக் கொண்டுபோனது, இரண்டாவது அட்டையில் அதே காரணம் தவறான விடைக்குக் கொண்டுபோகப் பார்த்தது. விடை சரியாக இருந்தாலும் வழி சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. முதல் அட்டையை மட்டும் காட்டிவிட்டுப் போகிற வகுப்பு, 'நம்ப முடியாததாக இருந்தால் பொய்' என்ற ஒரு விதியைத்தான் கற்றுக்கொடுக்கிறது.

"உற்றுப் பார்" என்று சொல்லிக்கொடுப்பதையும் நான் குறைத்துக்கொள்வேன். எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா, தளம் பார்க்க ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு பட்டியல் பள்ளிகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையான அரசு அறிவிப்பிலும் எழுத்துப்பிழை வரும், பொய் பரப்பத் தளம் நடத்துகிறவர் நல்ல வடிவமைப்பாளருக்குக் காசு கொடுக்க முடியும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள். அறிமுகமில்லாத தளங்களைக் கொடுத்து இவற்றை நம்பலாமா என்று கேட்டார்கள். மெத்தப் படித்தவர்கள் உட்படப் பலர் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்கள், பெயரையும் லோகோவையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ கிட்டத்தட்ட உடனே அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் புதுத் தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள், குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். பக்கத்தைக் குறைவாகப் படித்தவர்கள் ஜெயித்தார்கள் என்று சொன்னால் வகுப்பு உற்சாகமாகிவிடும், அது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தாது என்று உடனே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பறையில் கைபேசிக்கு அனுமதி இல்லையென்றால் தேடலை உறைக்குள் போட்டுவிடலாம். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு உறை, அதற்குள் நான்கு துண்டுச்சீட்டு: இது முதலில் எங்கே, எப்போது தென்பட்டது, மூலம் எது, வேறு யார் இதை உறுதி செய்திருக்கிறார்கள் அல்லது மறுத்திருக்கிறார்கள், நான்காவது, ஒன்றுக்கும் உதவாத தகவல். "இதைப் பல ஆயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்" என்பதோ, "இதை அனுப்பியவர் மிகவும் படித்தவர்" என்பதோ. ஒரு நேரத்தில் ஒரு சீட்டுதான் எடுக்கலாம், எடுத்த பிறகு அட்டையை நகர்த்துவதா வேண்டாமா என்று குழு முடிவு செய்ய வேண்டும். உதவாத சீட்டைப் பார்த்துவிட்டு அட்டையை நகர்த்திய குழு எது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேச நல்ல சரக்கு. எனக்கென்னவோ கைபேசி இருந்தாலும் முதல் வகுப்புக்கு உறைதான் பிடிக்கும். கைபேசி கையில் இருந்தால் குழுவில் ஒருவர் மட்டும் தேடிக்கொண்டிருப்பார், மற்ற மூன்று பேரும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அட்டை நகர்ந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும், இது முக்கியம். இரண்டாம் சுற்றில் அட்டையை இடம் மாற்றினால், பின்னால் எழுதிய பழைய காரணத்தை அடிக்காமல் அதற்குக் கீழே புதுக் காரணத்தை எழுதட்டும். சரியான காரணத்தோடு நகர்த்திய ஒவ்வொரு அட்டைக்கும் கூடுதலாக 1. மனதை மாற்றிக்கொண்டவருக்குப் பரிசு கிடைக்கிற விளையாட்டு இந்த வயதில் அவர்களுக்குப் புதிது.

மீதியுள்ள 20 சொச்சம் நிமிடத்துக்குக் கேள்விகள். பத்துக் கேள்வி தயாரிக்காதீர்கள், மூன்று போதும். "பொய்ச் செய்தியால் சமூகத்துக்கு என்ன கேடு?" மாதிரிக் கேள்விகளைக் கேட்டால் கட்டுரைப் போட்டிப் பதில்தான் வரும், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள்.

முதல் கேள்வி: "எந்த அட்டையைப் பார்த்ததும், உண்மையா என்று யோசிக்கும் முன்பே யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றியது?" வாம்பட், டால்பின், தண்ணீர், இந்த மூன்றும்தான் பெரும்பாலும் வரும். ஒவ்வொன்றுக்கும் உந்துதல் வேறு: ஒன்றில் சிரிப்பு, ஒன்றில் சந்தோஷம், ஒன்றில் பயம். அவர்களே பிரித்துச் சொல்லட்டும். மூன்றில் ஒன்று உண்மை, ஒன்று இடம் மாறியது, ஒன்று தெரியாதது என்பதையும் அவர்களே கவனிப்பார்கள், பகிரத் தோன்றுவதற்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்பது அங்கேயே வெளிவந்துவிடும்.

இரண்டாவது: "டால்பின் காணொளியைப் பகிர்ந்தவர் பொய் சொன்னாரா?" இதில் வகுப்பு நன்றாக அடித்துக்கொள்ளும். தெரியாமல் பகிர்ந்தால் பொய்யா, முதலில் இடத்தின் பெயரை மாற்றியவர் மட்டும்தான் குற்றவாளியா, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், மனசுக்கு இதமான செய்திதானே என்று போகும். அப்போது தண்ணீர் அட்டையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் அதே பதிலா என்று கேளுங்கள். தண்ணீர் அட்டையைத் தெரியாமல் பகிர்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது, உண்மையாக இருந்தால் என்ன செய்வது, கொதிக்க வைத்துக் குடித்தால் ஒன்றும் கெட்டுப்போகாதே என்று ஒருவராவது சொல்வார். அது மடத்தனமான வாதமில்லை, வெட்டிவிடாதீர்கள். அனுப்பாமலும் இருக்க முடியாது, அப்படியே அனுப்பவும் கூடாது என்றால் அதில் என்ன விவரம் சேர வேண்டும், அதை யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று திருப்பிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் வையுங்கள், எட்டு நிமிடமாவது. "இந்தத் தண்ணீர் செய்தியைக் குடும்பக் குழுவில் உங்கள் பெரியப்பா போட்டிருக்கிறார். என்ன பதில் போடுவீர்கள்? நிஜமாகவே எழுதிக் காட்டுங்கள்." முதலில் வருவது எல்லாம் "பெரியப்பா இது ஃபேக், இதெல்லாம் அனுப்பாதீங்க" என்ற ரகமாகத்தான் இருக்கும். அதை வாசித்துவிட்டு, பெரியப்பாவின் இடத்தில் உட்கார்ந்து யோசிக்கச் சொல்லுங்கள். இருபது பேர் பார்க்கிற இடத்தில் தம்பி மகன் திருத்துகிறான். அவர் செய்தியை எடுப்பாரா, வீம்புக்கு இன்னும் இரண்டு அனுப்புவாரா? அதோடு அந்தப் பதிலில் ஒரு தப்பும் இருக்கிறது. அது பொய் என்று நமக்கே தெரியாது, தெரியாது என்றுதானே அட்டையை மூன்றாவது குவியலில் வைத்தோம்? கண்டுபிடிக்கிற வரை விட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பிறகு எழுதுகிற பதில்களில் தொனி மாறியிருக்கும், தனியாக அனுப்பியிருப்பார்கள், கேள்வியாகக் கேட்டிருப்பார்கள்: "பெரியப்பா, இது எந்த ஊருக்குன்னு போட்டிருக்கா? நம்ம தண்ணீர் வாரியத்தோட பக்கத்துல இப்பதான் பார்த்தேன், அதுல ஒண்ணும் வரலை. உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" இந்த மாதிரி ஒரு பதில் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு நீங்கள் தனியாக மதிப்பெண் எதுவும் போட வேண்டாம், வகுப்பில் உரக்க வாசிக்க வைத்தால் போதும்.

எதைக் கட்டில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். கட்சி, சாதி, மதம், பிடித்த நடிகர், பிடித்த விளையாட்டு அணி, இவை எதுவும் முதல் வகுப்பில் வேண்டாம். பொய்ச் செய்தி அதிகம் புழங்குவதே அங்கேதான் என்பது சரி. ஆனால் வீட்டில் நம்புகிற விஷயத்தை அட்டையில் பார்த்தால் பிள்ளை சோதிக்க உட்காராது, வாதாட உட்காரும், குழுவில் நாலு பேரும் நாலு பக்கம் பிரிந்துபோவார்கள். சுறாவுக்கு யாரும் ரசிகர் மன்றம் வைத்திருக்கவில்லை. படிகள் கைக்குப் பழகிய பிறகு, மூன்றாவது நான்காவது வகுப்பில் சூடான விஷயங்களுக்குப் போகலாம், அப்போதும் எல்லாப் பக்கத்துப் பொய்யிலிருந்தும் சம அளவு எடுங்கள்.

வகுப்பு வேலை செய்ததா என்று அன்றைக்கே தெரியாது, அன்றைக்கு எல்லோரும் உஷாராகத்தான் இருப்பார்கள். ஒரு வாரம் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நான்கு புது அட்டை கொடுங்கள், இரண்டு உண்மை, இரண்டு பொய். நாசா அப்போலோ 11 பயணத்தின் மூலப் பதிவு நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2009-ல் சொன்னது, அது ஒரு நல்ல உண்மை அட்டை, ஏனென்றால் அதை வைத்து "அப்போ நிலவுக்கே போகலை" என்று தாவுவார்கள், எது அட்டையில் இருக்கிறது, எது அவர்களாகச் சேர்த்தது என்று பிரிக்க வேண்டியிருக்கும். திருத்தும்போது பொய்யை எத்தனை பேர் பிடித்தார்கள் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் எண்ண வேண்டியது, இரண்டு உண்மை அட்டைகளையும் எத்தனை பேர் பொய் என்று தள்ளினார்கள் என்பது. பாதிக்கு மேல் தள்ளியிருந்தால் அடுத்த முறை கட்டில் உண்மை அட்டைகளை எட்டாகக் கூட்டுங்கள், சுறா இரண்டையும் மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள், இந்த முறை இரண்டாவது சுறாவை முன்னால் வைத்து.